இன்சூரன்ஸ் மறுத்த ரெசிடென்ஷியல் சிகிச்சை: அப்பீல் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கேள்வி: "நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 17 வயது மகளுக்கு அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாறு. பகலில் மட்டும் போய்வரும் டே புரோகிராமில் ஆறு வாரம் இருந்தும் எடை இறங்கிக்கொண்டே போனதால், இரவும் பகலும் தங்கியிருக்கும் ரெசிடென்ஷியலில் சேர்த்தோம். மூன்று வாரம் ஆனதும், 'எடை ஏறியிருக்கிறது, நாடித்துடிப்பு சீராக இருக்கிறது, தற்கொலை எண்ணம் இல்லை, இனி டே புரோகிராமே போதும்' என்று இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிட்டது. கணவரின் ஆபீஸ் வழியாக வந்த இன்சூரன்ஸ். அப்பீல் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். நாங்கள் பட்ட கஷ்டத்தை எல்லாம் விவரமாக எழுதினால் போதுமா?"

கஷ்டத்தை எழுதுங்கள், ஆனால் அதற்கு ஒரு பத்தி போதும். கடிதத்தைப் படிக்கப்போகிறவர் கையில் அந்தக் கம்பெனியின் மருத்துவ விதிமுறைப் பட்டியல் இருக்கும். ரெசிடென்ஷியலில் தொடர என்னென்ன நிலைகள் இருக்க வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் மகளின் மருத்துவக் குறிப்பில் ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான் அவர் பார்ப்பார். மனம் இரங்கினாலும் டிக் போட அவருக்கு ஒரு தேதியும் ஒரு குறிப்பும் வேண்டும். அமெரிக்காவில் உணவுக் கோளாறு சிகிச்சை மையங்களில், இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் அனுமதி வாங்கும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் இந்தக் கடிதங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே விழுகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கடிதத்துக்கு முன்னால் இன்றே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, மையத்தின் சைக்கியாட்ரிஸ்டிடம் 'பியர் டு பியர்' கேட்டார்களா என்று விசாரியுங்கள். அதாவது உங்கள் மகளின் மருத்துவர், இன்சூரன்ஸ் கம்பெனியின் மருத்துவரிடம் நேரடியாகப் போனில் பேசுவது. பல கம்பெனிகள் இதற்குச் சில நாட்களே தருவதால் தள்ளிப்போடக் கூடாது. அது தோற்றாலும் அப்பீல் உரிமை போகாது. இரண்டாவது, அப்பீலை 'அவசர அப்பீல்' ஆக்குவது. ஆபீஸ் வழியாக வரும் இன்சூரன்ஸுக்குப் பெரும்பாலும் எரிசா என்ற 1974ஆம் ஆண்டு மத்திய அரசுச் சட்டம் பொருந்தும். அதன் விதிப்படி சாதாரண அப்பீலுக்கு உங்களுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. ஆனால் பதில் வர ஒரு மாதம், சிகிச்சை முடிந்த பிறகு என்றால் இரண்டு மாதம்கூட ஆகலாம். அவசர அப்பீலுக்கு 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளின் நிலையை நன்கு அறிந்த மருத்துவர் 'இது அவசரம்' என்று சொன்னால் கம்பெனி அதை அப்படியே ஏற்க வேண்டும், மறுபடி எடைபோட முடியாது. அதனால் மருத்துவரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி வாங்கி முதல் பக்கத்திலேயே வையுங்கள்.

மறுப்புக் கடிதத்தின் தேதிகளையும் கவனியுங்கள். ஏற்கெனவே அனுமதித்த நாட்களைப் பாதியில் வெட்டியிருந்தால், அப்பீல் முடியும்வரை அந்த அனுமதி தொடர வேண்டும் என்பது விதி. ஆனால் பெரும்பாலும் ஏழு நாள், பத்து நாள் என்று சிறு சிறு துண்டாக அனுமதி கொடுத்துவிட்டு, துண்டு முடிந்ததும் அடுத்ததை மறுப்பார்கள். அப்படியென்றால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மகளை அங்கேயே வைத்திருந்தால் அந்த நாட்களின் செலவு தற்காலிகமாக உங்கள் தலையில் விழும். ஒரு நாளுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். மையம் நீட்டும் பணப் பொறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அப்பீல் நடக்கும்போது குறைந்த கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்து, கம்பெனிக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை: மறுப்புக்குப் பயன்படுத்திய விதிமுறையின் முழு நகல், முடிவெடுத்த மருத்துவரின் பெயரும் சிறப்புத் துறையும், உங்கள் மகளைப் பற்றிய முழுக் கோப்பு. இவற்றை இலவசமாகத் தர வேண்டும். அப்பீலைப் பார்ப்பவர் முதலில் மறுத்தவராகவோ அவருக்குக் கீழே வேலை பார்ப்பவராகவோ இருக்கக் கூடாது, பொருத்தமான துறைப் பயிற்சி உள்ள மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே 'உணவுக் கோளாறில் அனுபவமுள்ள, குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவத்தினருக்கான சைக்கியாட்ரிஸ்ட் பார்க்க வேண்டும்' என்று கடிதத்தில் கேளுங்கள். அவ்வளவு குறிப்பான ஆளைத் தர அவர்கள் கட்டுப்பட்டவர்களா என்பது வாதத்துக்குரியது. ஆனாலும் கேட்டு வைத்தால், தராமல் போனது கோப்பில் பதிவாகும்.

இனி கடிதத்தின் மையம். அவர்கள் சொன்ன காரணத்தைத் திரும்பப் படியுங்கள்: உடல்நிலை சீர், எடை ஏற்றம், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அமெரிக்க சைக்கியாட்ரிக் அசோசியேஷன் 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் எந்த நிலை சிகிச்சை யாருக்கு என்று ஓர் அட்டவணை இருந்தது. பல கம்பெனிகளின் விதிமுறைகளில் அதன் சாயலை இன்றும் காணலாம். அந்த அட்டவணைப்படி, ரெசிடென்ஷியலில் இருப்பவர் நரம்பு வழி திரவமோ குழாய் வழி உணவோ ஒரு நாளில் பலமுறை ரத்தப் பரிசோதனையோ தேவைப்படாத அளவுக்கு உடல்நிலை சீராக இருக்க வேண்டும். உடல்நிலை சீராக இல்லையென்றால் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அப்படியானால் 'சீராக இருக்கிறாள்' என்பது ரெசிடென்ஷியலுக்குள் வருவதற்கான நிபந்தனை, வெளியே அனுப்புவதற்கான காரணம் அல்ல. அதே அட்டவணையில் டே புரோகிராமையும் ரெசிடென்ஷியலையும் பிரிக்கும் முக்கியமான கோடு வேறு ஒன்று: எல்லா வேளைச் சாப்பாட்டுக்கும் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் சாப்பிடுகிறாளா, இல்லையா? தற்கொலை எண்ணமும் அப்படித்தான். அது இருந்தால் மேல்நிலை சிகிச்சை தேவைப்படலாம். அது இல்லை என்பதால் சாப்பாட்டு மேஜைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஆகாது.

ஆகவே கடிதம் நிரூபிக்க வேண்டியது இதுதான்: எடை ஏறியதும் நாடி சீரானதும் 24 மணி நேரக் கண்காணிப்பின் விளைவு, அந்தக் கண்காணிப்பை எடுத்தால் அவை நீடிக்காது. இதைச் சும்மா சொன்னால் எடுபடாது. மூன்று இடங்களில் இதற்கான ஆதாரம் கிடைக்கும். ஒன்று, டே புரோகிராமின் ஆறு வாரக் குறிப்பு. அங்கே பகலில் மேற்பார்வையோடு சாப்பிட்டாள், மாலையிலும் வார இறுதியிலும் வீட்டில் என்ன நடந்தது, ஒவ்வொரு வாரமும் எடை எப்படி நகர்ந்தது என்பதை வாங்குங்கள். இரண்டு, ரெசிடென்ஷியலின் சாப்பாட்டுப் பதிவேடு. எத்தனை வேளை முழுதாக முடித்தாள், எத்தனை முறை ஊழியர் தூண்ட வேண்டியிருந்தது, எத்தனை முறை மாற்றாகச் சத்து பானம் கொடுத்தார்கள், உணவை மறைத்தாளா, அறையில் ரகசியமாக உடற்பயிற்சி செய்தாளா என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது: வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கும் 'பாஸ்' நாட்களின் குறிப்பு. கண்காணிப்பு விலகிய சில மணி நேரத்தில் என்ன நடந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சான்று இல்லை.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். இந்த நாட்களும் எண்களும் நான் இட்டவை, உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கம்பெனியின் வரி: 'உறுப்பினர் தற்போது உணவுத் திட்டத்தைப் பின்பற்றுகிறார்.' கடிதத்தில் அதற்குக் கீழே இப்படி எழுதலாம்: 'மார்ச் 3 முதல் 9 வரை 21 பிரதான வேளைகளில் 12ஐ மட்டுமே தூண்டுதல் இல்லாமல் முடித்தாள். மீதி ஒன்பதில் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்குவிக்க வேண்டியிருந்தது, அவற்றில் நான்கில் சத்து பானம் தேவைப்பட்டது (நர்ஸிங் குறிப்பு, இணைப்பு 4). மார்ச் 8 அன்று பெற்றோருடன் ஆறு மணி நேர பாஸில் மதிய உணவில் பாதியைக் கைக்குட்டையில் மறைத்தாள், மாலைச் சிற்றுண்டியை முழுதாக மறுத்தாள் (இணைப்பு 5). மறுநாள் காலை படுத்திருந்து எழுந்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 44 கூடியது (இணைப்பு 6). இதற்கு முன் டே புரோகிராமில், இதே அளவு வீட்டு மேற்பார்வையுடன், ஆறு வாரத்தில் ஐந்து வாரம் எடை இறங்கியது (இணைப்பு 2). கம்பெனி பரிந்துரைப்பது ஏற்கெனவே தோற்ற அந்த ஏற்பாட்டைத்தான்.' எழுந்து நிற்கும்போது நாடி 40க்கு மேல் கூடுவது என்பதை வளரிளம் பருவ மருத்துவ வழிகாட்டிகள் முக்கியமான எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கின்றன. 'நாடி சீர்' என்று எழுதிய மருத்துவர் படுத்திருக்கும்போது எடுத்த எண்ணை மட்டும் பார்த்திருக்கலாம். உங்கள் மகளுக்கு நின்றபடி எடுத்த எண்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை சீராகவே இருந்தால் அதை வாதமாக்காதீர்கள். பொருந்தாத ஒரு வாதம் பொருந்தும் மற்றதையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

மருத்துவக் குறிப்பில் உங்களுக்கு எதிரான வரிகளும் இருக்கும். தெரபிஸ்ட் 'இன்று உற்சாகமாகக் கலந்துகொண்டாள்' என்று எழுதியிருப்பார். மறுப்பு எழுதுபவர் முதலில் பொறுக்குவது அதைத்தான். அந்த வரியை ஒதுக்காமல் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: 'குழு அமர்வில் உற்சாகம் என்று மார்ச் 6 குறிப்பு சொல்கிறது, அதே நாள் இரவு உணவில் பாதியை விட்டுவிட்டாள்.' அந்த இரண்டும் ஒரே நாளில் நடப்பதுதான் இந்த நோய். அப்படிச் சேர்த்து எழுதும்போது எதிர்த்தரப்புக்கு எடுத்துக்காட்ட ஒன்றும் மிஞ்சாது.

எடைக் கணக்கைத் தனியாகப் பாருங்கள், ஏனென்றால் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் வரும். 'எதிர்பார்க்கும் எடையில் இத்தனை சதவீதம்' என்று மறுப்புக் கடிதம் சொன்னால், எதிர்பார்க்கும் எடையை எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். பொதுவாக அந்த வயதின் நடுச் சராசரியை எடுப்பார்கள். ஆனால் வளரும் பெண்ணுக்கு அளவுகோல் அவளுடைய சொந்த வளர்ச்சிக் கோடுதான். நோய் வருவதற்கு முன் எப்போதும் சராசரிக்கு மேலே போய்க்கொண்டிருந்தவள் என்றால், சராசரியைத் தொட்டதும் குணமாகிவிட்டாள் என்று சொல்ல முடியாது. பீடியாட்ரீஷனிடம் பல ஆண்டு வளர்ச்சி வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். சிறு வயதில் இந்தியாவில் இருந்திருந்தால் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிய உயரமும் எடையும்கூட உதவும். நின்றுபோன மாதவிடாய் திரும்பவில்லை என்றால் அதையும் மருத்துவர் கடிதத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

மருத்துவர்களின் கடிதங்கள் ஒன்றையொன்று நகலெடுத்ததுபோல இருந்தால் பயனில்லை. 'ரெசிடென்ஷியல் அவளுக்கு நன்மை தரும்' என்ற வாக்கியத்தை யாரும் எழுத வேண்டாம். நன்மை தருவது வேறு, மருத்துவ ரீதியில் அவசியமானது வேறு, இன்சூரன்ஸ் காசு தருவது இரண்டாவதற்குத்தான். டயட்டீஷியன் சாப்பாட்டைப் பற்றி எழுதட்டும், பீடியாட்ரீஷன் வளர்ச்சியையும் நாடியையும் பற்றி எழுதட்டும். டே புரோகிராமின் தெரபிஸ்ட் அங்கே ஏன் தோற்றது என்பதைச் சொல்லட்டும். சைக்கியாட்ரிஸ்ட் எழுத வேண்டியது முக்கியமானது: எந்த அளவை எட்டினால் டே புரோகிராமுக்கு இறக்குவோம், அதற்கு ஏறக்குறைய எத்தனை வாரம். முடிவே இல்லாமல் கேட்கிறார்கள் என்ற பயம் கம்பெனிக்கு எப்போதும் உண்டு. தூண்டுதல் இல்லாமல் தொடர்ந்து இத்தனை வேளை, பிரச்சினை இல்லாமல் இத்தனை பாஸ் என்று எல்லை காட்டும் கடிதத்தை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ரெசிடென்ஷியல் மற்ற சிகிச்சைகளைவிடச் சிறந்தது என்று காட்டும் ஒப்பீட்டு ஆய்வுகள் பலமாக இல்லை. வளரிளம் பருவ அனோரெக்ஸியாவுக்கு முதல் தேர்வு, பெற்றோரே சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்து நடத்தும் குடும்ப அடிப்படைச் சிகிச்சைதான். 2014இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், மூன்று வார ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குப் பிறகு டே புரோகிராமுக்கு மாறியவர்கள் ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. மூன்று வாரம் என்பது உங்கள் விஷயத்திலும் ஒத்துப்போவதால், விஷயம் தெரிந்த கம்பெனி மருத்துவர் இதைத் தூக்கிக்கொண்டு வரலாம். அதற்கு உங்கள் பதில், ஒரு கூட்டத்துக்குப் பொதுவாக வேலை செய்தது இந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே முயன்று தோற்றது என்பதே. அதனால்தான் டே புரோகிராம் குறிப்பும், வீட்டில் குடும்ப அடிப்படைச் சிகிச்சை முயன்றிருந்தால் அதன் குறிப்பும் உயிர்நாடி. குடும்பச் சிகிச்சையை முயலவே இல்லை என்றால் ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள்: சிகிச்சைக் குழுவைத் தனியாக அழைத்து, 'அவள் இறங்கத் தயாரா, இல்லையா' என்று நேராகக் கேளுங்கள். தயார் என்று அவர்கள் நினைத்தால் உங்கள் சக்தியை நல்ல டே புரோகிராமைத் தேடுவதில் போடுங்கள்.

சட்ட வாதம் ஒன்றைக் கடிதத்தின் இரண்டாம் பாதியில் சேர்க்கலாம். மனநலச் சிகிச்சைக்கு உடல்நலச் சிகிச்சையைவிடக் கடுமையான நிபந்தனை போடக் கூடாது என்பது 2008ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம். உணவுக் கோளாறுக்குக் காப்பீடு தரும் திட்டங்களில் ரெசிடென்ஷியலுக்கும் இது பொருந்தும் என்பதை 2016 டிசம்பரில் இயற்றிய இருபத்தோராம் நூற்றாண்டு குணப்படுத்தல் சட்டம் தெளிவாக்கியது. உடல்நலத்தில் ரெசிடென்ஷியலுக்கு இணையான இடம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் தங்கும் ஸ்கில்டு நர்ஸிங் மையம். இடுப்பெலும்பு உடைந்தவர் அங்கே தங்க உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் மகளிடம் மட்டும் கேட்டால் அது சமமில்லை. இரண்டுக்கும் பயன்படுத்தும் விதிமுறைகளையும், 2021ஆம் ஆண்டுச் சட்டம் திட்டங்கள் தயாரித்து வைக்கச் சொன்ன ஒப்பீட்டு அறிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். இந்த வாதத்தால் மட்டுமே அப்பீல் ஜெயிப்பது அரிது. ஆனால் கோப்பு சட்டப்பிரிவின் மேஜைக்குப் போக இது உதவும். மாறாக, உங்கள் குழுவின் மருத்துவர்கள் சொன்னதற்குப் பதிலே சொல்லாமல் மறுத்திருந்தால் அதை அழுத்திச் சொல்லுங்கள். சிகிச்சை தரும் மருத்துவர்களின் கருத்தைக் கண்டுகொள்ளாமல் ரெசிடென்ஷியலை மறுக்கக் கூடாது என்று பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் டி.கே. வழக்கில் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வராது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

கணவரின் ஹெச்.ஆரிடம், திட்டம் 'செல்ஃப் ஃபண்டட்' வகையா என்று கேளுங்கள். அப்படியென்றால் பணம் கொடுப்பது அவருடைய நிறுவனமே, இன்சூரன்ஸ் கம்பெனி நிர்வாகம் மட்டும் பார்க்கிறது. அப்போது மாநில இன்சூரன்ஸ் துறையிடம் புகார் செய்து பயனில்லை, மத்திய தொழிலாளர் துறையின் இ.பி.எஸ்.ஏ. பிரிவிடம் போக வேண்டும். செல்ஃப் ஃபண்டட் என்றால் ஹெச்.ஆர். தலையிட்டு முடிவை மாற்றச் சொன்ன சம்பவங்களும் உண்டு, அந்தக் கதவையும் தட்டிப் பாருங்கள். எந்த வகையானாலும், உள் அப்பீல் தோற்றால் நான்கு மாதத்துக்குள் வெளி மறுஆய்வு கேட்கலாம். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத அமைப்பு பார்க்கும், அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அவசர வழக்கில் உள் அப்பீலோடு சேர்த்தே அதையும் கேட்கலாம், அதற்கும் 72 மணி நேரம்தான். உள் அப்பீலிலேயே எல்லா ஆதாரத்தையும் கொடுத்துவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பின்னால் எரிசா வழக்குப் போட்டால், நீதிபதி பெரும்பாலும் கம்பெனியின் கோப்பில் ஏற்கெனவே இருப்பதை மட்டுமே பார்ப்பார். இன்று இணைக்காத சாப்பாட்டுப் பதிவேட்டை அன்று காட்ட அநேகமாக வழி இருக்காது.

கடிதத்தை மூன்று, நான்கு பக்கத்தில் முடித்து, இணைப்புகளுக்கு எண் போட்டு, ஃபேக்ஸிலும் அத்தாட்சித் தபாலிலும் அனுப்புங்கள். ஃபேக்ஸ் சென்ற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். போனில் யாரிடம் பேசினாலும் பெயர், தேதி, அழைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்புகளில் எடையும் சாப்பாட்டு விவரமும் எண்களாக இருக்கும் என்பதால் மகள் கண்ணில் படாமல் வையுங்கள். தன் எடையைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே அங்கே சிகிச்சையின் பகுதியாக இருக்கலாம். அவளுடைய 18வது பிறந்தநாள் நெருங்குகிறதா என்றும் பாருங்கள். அந்த நாள் முதல் கம்பெனி உங்களோடு பேச வேண்டுமானால் அவளே கையெழுத்திட்ட பிரதிநிதி அனுமதிப் படிவம் தேவை, மையம் உங்களோடு பேசுவதற்குத் தனியாக இன்னொன்று. இரண்டையும் இப்போதே கேட்டு வாங்கி நிரப்பித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.